கட்டட வேலைக்கு ஆள் கூப்பிடும்போது வண்டி எங்கன நிக்கும், எத்தன மணிக்குன்னு மெசேஜ் போடுறது எப்படி

புதுசா லேபர் காண்ட்ராக்ட் எடுத்து பத்து இருவது ஆள வச்சு வேலை பாக்க ஆரம்பிச்சிருக்க தம்பிமாருக்கும், கொத்தனாரா இருந்து இப்ப சொந்தமா வேலை பிடிக்கிறவங்களுக்கும்தான் இத எழுதுதேன். ரேட்டு பேசுறது, சதுர அடி கணக்கு, கம்பி கணக்கு எல்லாம் சொல்லிக்குடுக்க ஆள் இருக்கு. ஆனா முந்துன நாள் சாயந்தரம் ஆளுங்களுக்கு போடுற அந்த ஒரு மெசேஜ எப்படி எழுதணும்னு யாரும் சொல்லிக்குடுக்கறது இல்ல. பாதிப் பேரு அத நடந்துக்கிட்டே டைப் பண்ணி அனுப்பிட்டு, மறுநாள் காலைல ஆறு மணில இருந்து போன்ல "எங்கன நிக்கீங்க, எங்கன நிக்கீங்க"ன்னு கத்திக்கிட்டு இருக்காங்க.

எல்லா வேலைக்கும் பொதுவா சொன்னா பிடி கிடைக்காது, அதனால ஒரே ஒரு வேலைய எடுத்துக்கிடுவோம். திருநெல்வேலி மாவட்டத்துல நாங்குநேரி பக்கத்துல ஒரு கிராமத்துல வீட்டுக்கு ரூஃப் கான்கிரீட். ஆளுங்க வண்ணார்பேட்டை, சமாதானபுரம், செய்துங்கநல்லூர், சிவந்திபட்டி, பொன்னாக்குடின்னு அங்கங்க இருந்து வாராங்க. பதினாறு பேரு வேன்ல, மிக்சர் மெஷின்காரங்க அவங்க வண்டில தனியா. இந்த வேலைக்கு நிறைய பேரு போடுற மெசேஜ் இப்படித்தான் இருக்கும்:

"நாளைக்கு காலைல 7 மணிக்கு நாங்குநேரி கான்கிரீட். எல்லாரும் கேடிசி நகர் வந்துருங்க. லேட் பண்ணாதீங்க."

படிக்கும்போது எல்லாம் இருக்க மாதிரிதான் தெரியும். ஆனா இதுல 7 மணிங்கறது எது? கேடிசி நகர்ல நிக்க வேண்டிய நேரமா, வண்டி கிளம்புற நேரமா, சைட்ல இறங்குற நேரமா, கான்கிரீட் ஆரம்பிக்கற நேரமா? நாலு பேரு நாலு விதமா எடுத்துக்கிடுவாங்க, அதுவும் அவங்கவங்களுக்கு வசதியானத எடுத்துக்கிடுவாங்க, அது மனுச சுபாவம், அவங்கள குத்தம் சொல்ல முடியாது. கேடிசி நகர்னா எந்த இடம்? அங்க நாலுவழிச் சாலை பாலத்துக்கு மேல போவுது, தூத்துக்குடி ரோடு கீழ போவுது, ரெண்டு பக்கமும் சர்வீஸ் ரோடு வேற இருக்கு. செய்துங்கநல்லூர்ல இருந்து பஸ்ல வாறவங்க தூத்துக்குடி ரோட்டு ஸ்டாப்ல இறங்கி அங்கனயே நிப்பாங்க. பாளைல இருந்து வாறவங்க எதிர்த்த ஸ்டாப்ல நிப்பாங்க. பைக்ல வாற பையன் பாலத்து அடில நிழல் பாத்து வண்டிய போட்டுட்டு நிப்பான். டிரைவர் புது ஆளா இருந்தா பாலத்து மேலயே போயி ரெட்டியார்பட்டி மலைகிட்ட நின்னுக்கிட்டு போன் பண்ணுவாரு. எல்லாரும் கேடிசி நகருக்கு வந்துட்டாங்க, ஆனா ஒருத்தர ஒருத்தர் பாக்கல. அரைமணி நேரம் போச்சு.

சாதாரண பூச்சு வேலைன்னா அரைமணி நேரம் போனா போவுதுன்னு விட்டுறலாம். ரூஃப் கான்கிரீட்ல அது முடியாது. ஆயிரம் சதுர அடி தளம், அஞ்சு இஞ்ச் கனம், பீமோட சேத்து எம்20 கலவைக்கு ஏறக்குறைய நூத்திப் பத்து மூட்டை சிமெண்ட் ஓடும். ஒரு மூட்டை மிக்சர் மெஷின வச்சு நல்ல செட்டு மணிக்கு இருவது மூட்டை போடும்னு வச்சுக்கிட்டா அஞ்சரை மணி நேரம், நடுவுல டீ, மெஷின் நிக்கறது எல்லாம் சேந்தா ஆறு மணி நேரம். ஏழரைக்கு ஆரம்பிச்சா ஒன்றரைக்கு முடியும். ஒன்பதுக்கு ஆரம்பிச்சா மூணு மணி ஆயிரும், நம்ம ஊரு வெயில்ல பன்னெண்டுக்கு மேல கலவை சட்டுன்னு இறுகும், ஆளும் தளர்ந்துரும். போட்டுக்கிட்டு இருக்க ஓரம் இறுகிப் போயி அதுக்கு அப்புறம் அதுகூட புதுக் கலவைய சேத்தா அங்க ஜாயிண்ட் விழுந்துரும், மழை பெய்யும்போது அந்தக் கோட்டுலதான் தண்ணி கசியும். ஒரு கொத்தனார் வராட்டாலும் சமாளிச்சிறலாம், கலவை எடுத்துக் குடுக்கற வரிசைல நாலு பேரு இல்லாட்டி மெஷின் சும்மா சுத்தும், மொத்த செட்டும் நிக்கும். மெஷினுக்கு வாடகை, வந்து உக்காந்திருக்க ஆளுக்கு சம்பளம், எல்லாம் உங்க கைல இருந்துதான்.

மெசேஜ் எழுதுறதுக்கு முந்தி நேரத்த பின்னால இருந்து கணக்குப் போடுங்க

கான்கிரீட் ஏழரைக்கு விழணும். அதுக்கு அரைமணி முந்தி ஆளு சைட்ல நிக்கணும், ஏன்னா சென்ட்ரிங் சீட்ட தண்ணி விட்டு நனைக்கணும், கம்பி மேல நடக்க பலகை போடணும், கவர் பிளாக் நகந்திருக்கான்னு பாக்கணும், வீட்டுக்காரங்க தேங்கா உடைச்சு சூடம் காட்டுவாங்க. அப்ப சைட்ல ஏழு மணி. நாங்குநேரிக்கு கொஞ்சம் முந்தி நாலுவழிச் சாலைல இருந்து உள்ள திரும்பி கிராமத்து ரோட்டுல போவணும், அந்த ரோட்டுக்கு ஒரு அஞ்சு பத்து நிமிசம் தனியா வச்சுக்கிடுங்க, நிறைய பேரு மெயின் ரோட்டு தூரத்த மட்டும் பாத்துட்டு இத விட்டுருவாங்க. பொன்னாக்குடில இருந்து சைட்டுக்கு அரைமணி வச்சா, பொன்னாக்குடில ஆறரைக்கு வண்டி கிளம்பணும். கேடிசி நகர்ல இருந்து பொன்னாக்குடிக்கு பதினஞ்சு நிமிசம், அப்ப கேடிசி நகர்ல ஆறே காலுக்கு வண்டி எடுக்கணும். அங்கதான் ஏழு பேரு ஏறணும், தூக்குச்சட்டி, பை, கரண்டி, தேய்ப்புக் கட்டை எல்லாத்தயும் வச்சுக்கிட்டு ஏற அஞ்சு நிமிசமாவது ஆகும், அதனால வண்டி ஆறு பத்துக்கெல்லாம் அங்க போயிருக்கணும். சமாதானபுரத்துல அஞ்சு அம்பத்தஞ்சு, வண்ணார்பேட்டைல அஞ்சே முக்கால். இந்தக் கணக்க ஒரு பேப்பர்ல போட்டுட்டு அதுக்கப்புறம் போன எடுங்க.

கணக்குப் போட்டதும் ஒரு கேள்வி கேளுங்க, இந்த நேரத்துக்கு அந்த ஆளு அங்க வந்து சேர வழி இருக்கா? கையாளா வாற பொம்பளைங்க முக்காவாசிப் பேரு டவுன் பஸ்ஸ நம்பித்தான் வாராங்க. 2021ல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அதனால அந்த பஸ்ஸுக்குத்தான் அவங்க காத்திருப்பாங்க, மினி பஸ்லயோ ஷேர் ஆட்டோலயோ காசு குடுத்து முந்தி வரணும்னு நாம எதிர்பார்க்கக் கூடாது, ஒரு நாளைக்கு நாப்பது ரூவா போனா மாசத்துல அது எவ்வளவுன்னு அவங்களுக்குத் தெரியும். செய்துங்கநல்லூர்ல இருந்து மொத பஸ் கேடிசி நகருக்கு எத்தன மணிக்கு வருதுன்னு அந்த ஊரு அக்காகிட்டயே கேளுங்க, பஸ் ஸ்டாண்டு டைம் போர்ட விட அவங்க சொல்லுறதுதான் சரியா இருக்கும். அந்த பஸ் ஆறு இருவதுக்குத்தான் வரும்னா ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, கேடிசி நகர் நேரத்த ஆறு இருவத்தஞ்சா மாத்தி கான்கிரீட்ட பத்து நிமிசம் தள்ளுங்க. இல்ல, செய்துங்கநல்லூர்ல இருந்து வாறவங்களுக்கு மட்டும் ஆட்டோ காசு நான் தாரேன்னு மெசேஜ்லயே எழுதுங்க. ரெண்டும் செய்யாம "எப்படியாவது வந்துருங்க"ன்னு போட்டா அவங்க வராம போறதுக்கு நாமதான் காரணம்.

இன்னொண்ணு, வழில என்ன தடங்கல்னு பாருங்க. மேலப்பாளையம் பக்கம் ஆள் ஏத்தணும்னா செவ்வாய்க்கிழமை சந்தை நாளு, ஆடு மாடு ஏத்துன வண்டி விடியுறதுக்கு முந்தியே வர ஆரம்பிச்சிரும். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டு வழியா வாற ஆளு இருந்தா கேட்டு போட்டான்னா அங்கனயே நின்னுற வேண்டியதுதான், அவங்களுக்கு பத்து நிமிசம் முந்தியே சொல்லி வைக்கணும்.

எங்கன நிக்கணும்னு எழுதுறது

ஊர் பேரு இடம் ஆகாது, ஏரியா பேரும் இடம் ஆகாது. ஒரு ஆளு இருட்டுல வந்து இறங்கி யார்கிட்டயும் கேக்காம நின்னுறணும், அதுதான் இடம். அதுக்கு மூணு விசயம் எழுதுனா போதும். ஒண்ணு, எல்லாருக்கும் தெரிஞ்ச அடையாளம், அதாவது சிலை, ரவுண்டானா, பாலம், பஸ் ஸ்டாப். ரெண்டாவது, ரோட்டுல எந்தப் பக்கம். நாலுவழிச் சாலைல இது உயிர் போற விசயம், சும்மா சொல்லல, எதிர்ப்பக்கம் நிக்க ஆளு வண்டியப் பாத்ததும் நடுவுல இருக்க தடுப்ப தாண்டிக் குதிச்சு ஓடி வருவாரு, அதிகாலைல அந்த ரோட்டுல லாரி, ஆம்னி பஸ் எல்லாம் என்ன வேகத்துல வரும்னு தெரியும்லா. இடது பக்கம் வலது பக்கம்னு எழுதாதீங்க, எங்க இருந்து பாத்தா இடதுங்கற குழப்பம் வரும். "நாகர்கோவில் போற பக்கம்", "மதுரை போற பக்கம்", "பாளை போற பக்கம்"னு எழுதுங்க. மூணாவது, அந்த அடையாளத்துக்கு கிட்டக்க சின்னதா ஒண்ணு, டீக்கடை முன்னால, ஏடிஎம் வாசல்ல அப்படி. ஆனா அந்தக் கடை அந்த நேரத்துல தொறந்திருக்குமான்னு பாத்துக்கிடுங்க. பகல்ல பாத்து "செருப்புக்கடை முன்னால"ன்னு எழுதிட்டா காலைல ஆறு மணிக்கு ஷட்டர் இறங்கி போர்டு லைட்டும் எரியாது, தை மாசி காலைல ஆறு மணிக்கு இன்னும் சரியா விடிஞ்சிருக்காது. காலைல தொறக்கிற டீக்கடைன்னா வெளிச்சம் இருக்கும், நாலு பேரு இருப்பாங்க, தனியா வந்து நிக்க பொம்பளைக்கும் தைரியமா இருக்கும். இத நான் ரொம்ப முக்கியமா நினைக்கேன், விடியக்காலம் ஆளில்லாத பைபாஸ் ஓரத்துல ஒரு பொம்பளைய கால்மணி நேரம் நிக்க வைக்கறது சரியில்ல. ஒரே ஒரு பொம்பளை மட்டும் ஏறுற ஸ்டாப் இருந்தா அந்த இடத்த மாத்துங்க, இல்ல கூட ஏறுற ஆள முந்தி வந்து நிக்கச் சொல்லுங்க.

லொகேஷன் அனுப்புதேன்னு சொல்லி நிறைய பேரு தன் வீட்டுல உக்காந்துக்கிட்டு கரண்ட் லொகேஷன அனுப்பிருவாங்க, அது வீட்டத்தான் காட்டும். மேப்புல வண்டி நிக்கற இடத்த தேடி, விரலால அழுத்தி பின் விழுந்ததும் அத அனுப்பணும். சைட்டோட பின்ன குரூப்ல போடாதீங்க, நேரா பைக்ல சைட்டுக்கு வாறவங்களுக்கு மட்டும் தனியா அனுப்புங்க, ஏன்னா குரூப்ல ரெண்டு பின் விழுந்தா எது ஏறுற இடம் எது இறங்குற இடம்னு குழம்பி ஒருத்தர் நேரா நாங்குநேரிக்கு பஸ் ஏறிருவாரு. நாகர்கோவில் எண்ட் டு எண்ட் பஸ்ல ஏறுனா அது நாங்குநேரில நிக்காமப் போயிரும், அது வேற வம்பு. காலைல டிரைவர் போன்ல இருந்து லைவ் லொகேஷன் ஒரு மணி நேரத்துக்கு போட்டு விட்டா நல்லது, வண்டி எங்க வருதுன்னு பாத்துக்கிட்டே வரலாம், "எங்க இருக்கீங்க" போன் பாதியா குறையும்.

இனி மெசேஜ் எழுதலாம். நம்ம நாங்குநேரி வேலைக்கு இப்படி வரும்:

"12.02.2026 வியாழக்கிழமை ரூஃப் கான்கிரீட். நாங்குநேரி பக்கம்.
கீழ உள்ளது வண்டி கிளம்புற நேரம். அஞ்சு நிமிசம் முந்தி வந்து நில்லுங்க.
வண்ணார்பேட்டை: செல்லப்பாண்டியன் சிலை ரவுண்டானா தாண்டி பாளை போற பக்கம் பஸ் ஸ்டாப். காலை 5.45
சமாதானபுரம்: கேடிசி நகர் போற பக்கம் பஸ் ஸ்டாப். காலை 5.55
கேடிசி நகர்: பாலத்துக்கு கீழ, நாகர்கோவில் போற சர்வீஸ் ரோடு, டீக்கடை முன்னால. பாலத்து மேல நிக்க வேண்டாம். காலை 6.15
பொன்னாக்குடி: நாகர்கோவில் போற பக்கம் பஸ் ஸ்டாப். காலை 6.30
வெள்ளை வேன், முன் கண்ணாடில மஞ்சள் துணி கட்டியிருக்கும். டிரைவர் நம்பர் கீழ இருக்கு.
சைட்ல 7 மணி. கான்கிரீட் 7.30.
காலைச் சாப்பாடு கொண்டு வாங்க. மதியம் வீட்டுக்காரங்க சாப்பாடு.
வேலை முடிய 3 மணி ஆகும். ஏத்துன இடத்துலயே இறக்கி விடுவோம்.
வாறவங்க 'வாரேன்'னு போட்டு எங்க ஏறுவீங்கன்னு எழுதுங்க, ராத்திரி 8.30க்குள்ள."

இதுல தேதியும் கிழமையும் ஏன் எழுதணும்னு சொல்லிருதேன். "நாளைக்கு"ன்னு நீங்க புதன்கிழமை ராத்திரி அனுப்புனது, நெட்ட அணைச்சு வச்சுட்டு படுத்த ஆளுக்கு வியாழக்கிழமை விடியக்காலம் நாலரைக்குத்தான் போயிச் சேரும். அவரு அப்ப படிச்சா நாளைக்குங்கறது வெள்ளிக்கிழமைதானே, திரும்பப் படுத்துக்கிடுவாரு. தேதி போட்டா இந்தப் பிரச்சினையே இல்ல. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரே ஒரு நேரம்தான் போடணும், "5.50ல இருந்து 6 மணிக்குள்ள"ன்னு போட்டா எல்லாரும் 6ஐத்தான் எடுத்துக்கிடுவாங்க.

சாப்பாட்டு வரி சின்ன விசயமாத் தெரியும். ரூஃப் கான்கிரீட் அன்னைக்கு வீட்டுக்காரங்க மதியச் சாப்பாடு போடுறது நம்ம பக்கத்து வழக்கம், பல வீட்டுல பிரியாணியே ஆக்குவாங்க. ஆனா அன்னைக்கு சாப்பாடு உண்டா இல்லையான்னு தெரியாத பொம்பளை நாலு மணிக்கு எந்திரிச்சு சோறு வடிச்சு குழம்பு வச்சுக்கிட்டு, பிள்ளைங்களுக்கும் எடுத்து வச்சுட்டு ஓடி வரணும். உண்டுன்னு முந்தியே தெரிஞ்சா அரைமணி நேரம் அவங்களுக்கு மிச்சம், அந்த அரைமணி நேரத்துலதான் அவங்க பஸ்ஸ பிடிக்கறதும் விடுறதும் இருக்கு. அதனால வீட்டுக்காரங்ககிட்ட கேட்டு உறுதி பண்ணிட்டு எழுதுங்க, தெரியாட்டி கொண்டு வாங்கன்னே போடுங்க.

அனுப்புறதும் போயிச் சேந்துட்டான்னு பாக்கறதும்

சாயந்தரம் ஆறரைக்கு மேல ஏழரைக்குள்ள அனுப்புங்க. அப்பத்தான் வேலை முடிஞ்சு வீடு வந்து சேந்து போன பாப்பாங்க. மத்தியானமே அனுப்புனா அதுக்கு மேல நூறு மெசேஜ் விழுந்து அது கீழ போயிரும், ஒன்பது மணிக்கு மேல அனுப்புனா பாதிப் பேரு தூங்கிருவாங்க. வாட்ஸப் குரூப்பா இருந்தா அத பின் பண்ணி வைங்க. பிராட்காஸ்ட் லிஸ்ட்ல அனுப்புறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கிடணும், உங்க நம்பர யாரு சேவ் பண்ணி வச்சிருக்காங்களோ அவங்களுக்கு மட்டும்தான் அது போகும், புதுசா சேந்த ஆளுக்கு போகாது, உங்களுக்கும் அது தெரியாது.

நேரத்த மாத்த வேண்டியிருந்தா பழைய மெசேஜ எடிட் பண்ணாதீங்க. ஏற்கனவே படிச்சுட்ட ஆளு திரும்ப அதப் போயி பாக்க மாட்டாரு, அவர் மனசுல பழைய நேரம்தான் இருக்கும். பழசு எல்லாருக்கும் அழியுற மாதிரி டெலிட் பண்ணிட்டு, "நேரம் மாறியிருக்கு"ன்னு மொத வரில எழுதி முழு மெசேஜையும் புதுசா போடுங்க, அப்புறம் எல்லார்கிட்ட இருந்தும் திரும்ப ஒரு "வாரேன்" வாங்குங்க. மாறுன ஒரு வரிய மட்டும் தனியா போட்டா அத எந்த ஸ்டாப்புக்குன்னு கேட்டே நாலு போன் வரும்.

எழுதுனது மட்டும் போதாது. நம்ம செட்டுல படிக்கத் தெரியாதவங்க உண்டு, கண்ணாடி இல்லாம சின்ன எழுத்து தெரியாதவங்க உண்டு, பட்டன் போன் வச்சிருக்கவங்க உண்டு. அதே விசயத்த ஒரு நிமிசத்துக்குள்ள வாய்ஸ் மெசேஜா பேசி அனுப்புங்க, ஒவ்வொரு ஸ்டாப்பையும் நிறுத்திச் சொல்லுங்க. பேசும்போது நேரத்த கால், முக்கால்னு சொல்ல வேண்டாம். "ஆறே கால்"னு நீங்க சொல்லுறது வண்டிச் சத்தத்துல, டிவி சத்தத்துல "ஆறே முக்கால்"னு கேக்கும், அரைமணி வித்தியாசம். "ஆறு பதினஞ்சு, ஆறு பதினஞ்சு"ன்னு ரெண்டு தடவ சொல்லுங்க. பட்டன் போன் ஆளுக்கு நீங்களே கூப்பிட்டுச் சொல்லிட்டு, "எங்கன நிப்பீங்க, எத்தன மணிக்கு?"ன்னு திருப்பிக் கேளுங்க. "சரி அண்ணாச்சி"ன்னு மட்டும் சொன்னா அவருக்கு விளங்கிட்டுன்னு அர்த்தம் இல்ல. "கேடிசி நகர்ல பாலத்துக்கு அடில ஆறு பத்துக்கு நிப்பேன்"னு அவர் வாயால சொன்னாத்தான் விசயம் போயிச் சேந்திருக்கு.

ஒரு ஊருல இருந்து நாலு பேரு வந்தா அதுல ஒருத்தருக்கு மட்டும் சொல்லி மத்தவங்களுக்குச் சொல்லிருங்கன்னு விடுறது எல்லாரும் செய்யுறது. விடலாம், ஆனா வாயால சொல்ல விடாதீங்க, மெசேஜ அப்படியே ஃபார்வர்டு பண்ணச் சொல்லுங்க, இல்ல உங்க வாய்ஸ் மெசேஜ போட்டுக் காட்டச் சொல்லுங்க. வடக்க இருந்து வந்து கம்பி கட்டுற பசங்க செட்டா இருந்தா அவங்கள்ல தமிழ் விளங்குற ஒருத்தர வச்சு அவங்க பாஷைல வாய்ஸ் போடச் சொல்லுங்க, கூடவே அந்த இடத்தோட போட்டோவ அனுப்புங்க.

எட்டரைக்கு உக்காந்து எண்ணுங்க. வண்ணார்பேட்டை மூணு, சமாதானபுரம் நாலு, கேடிசி நகர் ஏழு, பொன்னாக்குடி ரெண்டு. "வாரேன்"னு போடாத ஆளு யாருன்னு பாத்து அவங்களுக்கு மட்டும் போன் போடுங்க. நீல டிக் விழுந்திருக்குன்னு விட்டுறாதீங்க, வீட்டுல பிள்ளைங்க விளையாடும்போது தொறந்திருந்தாலும் நீல டிக் விழும். ரெண்டு பேரு வரலன்னு இப்பவே தெரிஞ்சா வேற ரெண்டு பேரத் தேட நேரம் இருக்கு, காலைல ஆறு மணிக்குத் தெரிஞ்சா ஒண்ணும் செய்ய முடியாது. இந்தப் பேர் லிஸ்ட்ட டிரைவருக்கும் அனுப்பிருங்க, எந்த ஸ்டாப்ல எத்தன தலைன்னு தெரிஞ்சாத்தான் அவரு எண்ணிப் பாத்துட்டு வண்டிய எடுப்பாரு.

வண்டியப் பத்தி ஒரு வார்த்தை. சரக்கு ஏத்துற குட்டியானைல, டிராக்டர்ல ஆள ஏத்தி அனுப்பாதீங்க. சரக்கு வண்டில ஆள் ஏத்துறது மோட்டார் வாகனச் சட்டப்படி தப்பு, ஒண்ணுகிடக்க ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸும் கைகுடுக்காது. வேன் வாடகை கூடத்தான், அத ரேட்டு பேசும்போதே வேலைல சேத்துப் பேசுங்க. பதினாறு பேருன்னா பதினாறு சீட் உள்ள வண்டி.

காலைல

வண்டி வண்ணார்பேட்டைல இருந்து கிளம்புனதும் குரூப்ல ஒரு வரி போடுங்க, "வண்டி வண்ணார்பேட்டைல கிளம்பிட்டு, 5.45". அது போதும். அடுத்த ஸ்டாப் ஆளு வீட்டுல இருந்தா ஓடி வந்துருவாரு.

ஆறே காலுக்கு வண்டி எடுக்கும்னு எழுதுனா ஆறே காலுக்கு எடுக்கணும். இதுல நிறைய பேரு இரக்கப்பட்டு பத்து நிமிசம் நிப்பாட்டுவாங்க. ஒருத்தருக்காக பத்து நிமிசம் நின்னா அடுத்த தடவ சரியா வந்த ஆறு பேரும் பத்து நிமிசம் லேட்டாத்தான் வருவாங்க, ஏன்னா உங்க ஆறே கால்னா ஆறு இருவத்தஞ்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. வராத ஆளுக்கு ஒரு போன், வழில கண்ணுல தெரியுற தூரத்துல இருந்தா நிக்கலாம், "இப்பத்தான் கிளம்புதேன் அண்ணாச்சி"ன்னா வண்டிய எடுக்கணும். ஆனா இதே கண்டிப்பு நமக்கும் உண்டு. வண்டி பஞ்சராயி லேட்டா வந்தா ஆறே காலுக்கு வந்து நின்ன ஆளோட நேரம் நம்ம கணக்குலதான், அன்னைக்கு சாயந்தரம் அந்த அரைமணி நேரத்த அவங்ககிட்ட பிடிக்கக் கூடாது.

வேலை நின்னு போச்சுன்னா சொல்லுற மெசேஜ்தான் எல்லாத்த விடவும் அவசரமானது. ஐப்பசி கார்த்திகைல ராத்திரி மழை பிடிச்சிக்கிடும், இல்லாட்டி சென்ட்ரிங் முடியாம இருக்கும், இல்ல ஜல்லி லோடு வராது. சாயந்தரமே சந்தேகம் இருந்தா அத மெசேஜ்லயே எழுதுங்க, "மழை இருந்தா காலை 4 மணிக்கு குரூப்ல சொல்லுவேன், பாத்துட்டு எந்திரிங்க"ன்னு. சொன்ன மாதிரி நாலு மணிக்கு நீங்க எந்திரிச்சு வானத்தப் பாத்து, நாங்குநேரில வீட்டுக்காரங்களுக்கு போன் போட்டு அங்க எப்படி இருக்குன்னு கேட்டுட்டு, உண்டு இல்லன்னு ரெண்டுல ஒண்ணு போடணும். இங்க பாளைல கொட்டும், அங்க ஒரு துளி இருக்காது, அதனால உங்க வீட்டு வாசல வச்சு முடிவு பண்ண வேண்டாம். வேலை உண்டுன்னாலும் போடணும், ஒண்ணும் வரலன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும்? பட்டன் போன்காரங்களுக்கு அந்த நேரத்துலயும் கூப்பிட்டுத்தான் ஆகணும், தூக்கம் கெடுதேன்னு யோசிக்காதீங்க, அவங்க அந்த நேரத்துக்கு அடுப்பு பத்த வச்சிருப்பாங்க.

ஆளு ஸ்டாப்புக்கு வந்து நின்னதுக்கு அப்புறம் வேலை இல்லன்னு திருப்பி அனுப்புனா அரைச் சம்பளம் குடுத்துருங்க. சட்டம் என்ன சொல்லுதுன்னு பேச வரல, அன்னைக்கு அவரு வேற மேஸ்திரி கூப்பிட்ட வேலைய விட்டுட்டுத்தான் உங்களுக்கு "வாரேன்"னு போட்டாரு. அரைச் சம்பளம் உண்டுங்கறதயும் குரூப்ல ஒரு தடவ எழுதி வச்சிட்டா, மழைக்காலத்துல சந்தேகமான நாள்லயும் ஆளு நம்பி வந்து நிப்பாங்க.

திரும்பக் கொண்டு விடுறதுலயும் எழுதுனபடி நடக்கணும். கான்கிரீட் ஒன்றரைக்கு முடிஞ்சாலும் மெஷின் கழுவி, பாத்திரம் கழுவி, சாப்பிட்டு கிளம்ப மூணு ஆயிரும்னுதான் மெசேஜ்ல மூணுன்னு போட்டோம். நடுவுல மெஷின் நின்னு அஞ்சு மணி ஆகும்போலன்னு தெரிஞ்சா ஒரு மணிக்கே ஆளுங்ககிட்ட சொல்லுங்க, பள்ளிக்கூடத்துல இருந்து வாற பிள்ளைய பக்கத்து வீட்டுல பாத்துக்கிடச் சொல்ல அவங்க ஒரு போன் போடணும்லா. எங்க ஏத்துனோமோ அங்கயே இறக்கணும், ஆனா திரும்பும்போது வண்டி மதுரை போற பக்கம் வரும், அதனால பொன்னாக்குடி ஆளுங்கள நாலுவழிச் சாலை ஓரத்துல எதிர்ப்பக்கம் இறக்கி விட்டு ரோட்டக் கடக்க விடாதீங்க, டிரைவர்கிட்ட சொல்லி வண்டியத் திருப்பி ஊர்ப்பக்கம் கொண்டு போயி விடச் சொல்லுங்க, அதுக்கு ஆகுற அஞ்சு நிமிசத்தயும் டீசலையும் வேன் வாடகை பேசும்போதே பேசி வச்சிருங்க.